இரவு இரண்டு மணிக் காட்சி

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக எட்டு நிமிட வீடியோ ஒன்று எடுக்கிறோம், வசனத்தைக் கொஞ்சம் சரிபார்த்துத் தர முடியுமா என்று எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு தன்னார்வக் குழுவினர் கேட்டார்கள். அனுப்பிய பிரதி நன்றாகவே இருந்தது. காலையில் பல் தேய்த்துவிடுவது, ஈரத்துணியால் உடம்பு துடைப்பது, மிக்சியில் அடித்த சாதத்தை ஊட்டுவது, மாலையில் பேரன் வந்து பேப்பர் படித்துக் காட்டுவது என்று வரிசையாகக் காட்சிகள். கடைசிக் காட்சி ஒரே வரி. "இரவு. பெரியவர் நிம்மதியாக உறங்குகிறார். மருமகள் விளக்கை அணைக்கிறாள்."

அந்த வரிதான் என்னை விடவே இல்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஒருவர் இருக்கும் வீட்டில் விளக்கை அணைத்த பிறகுதான் நாளின் கடினமான பாதி தொடங்குகிறது. என் அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் நானும் அக்காவும் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டு பார்த்தோம், அதனால் இது எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. பகலில் பத்துப் பேர் வந்து போவார்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் எல்லாம் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஆள்தான் விழித்திருப்பார், அவரும் மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து வேலையைத் தொடங்க வேண்டியவராக இருப்பார். பராமரிப்பவர் உடைந்துபோவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வீடியோவில் அது இல்லையென்றால் யாருக்காக எடுக்கிறோமோ அவர்களே "இது நம்ம வீடு இல்ல" என்று எழுந்து போய்விடுவார்கள்.

சரி, வெறும் அபிப்பிராயமாகச் சொன்னால் போதாது என்று, குழு போய்ப் பார்க்கும் வீடுகளில் ஒன்றுக்குப் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எழுபதைத் தாண்டிய மாமனார், இடது கையும் காலும் வராது, பேச்சு குழறும், ஆனால் எல்லாம் புரியும். மாமியாருக்கு முட்டிவலி, தூக்க முடியாது. மூத்த மகன் திருப்பூரில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். எல்லாவற்றையும் செய்வது மூத்த மருமகள். அந்த அக்கா பிரதியைப் பொறுமையாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டு, "தம்பி, இதுல ராத்திரி எங்க?" என்று கேட்டார். அப்புறம் எழுந்து போய், சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினார்.

அந்த நோட்டு

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும்" என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். எப்படித் திருப்புவது, எதில் படுக்க வைப்பது, ராத்திரியும் அப்படித்தானா என்று ஒன்றும் இல்லை. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். 10, 12, 2, 4, 6 என்று நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் அடித்து வைத்திருக்கிறார். மாதக்கணக்கில் ஒரு ராத்திரிகூட விடுபடவில்லை. அதாவது அத்தனை மாதமாக அவர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. நடுவில் ஈரமானால் அதற்குத் தனியாக எழுந்திருப்பார். மாமாவுக்குத் தாகம் எடுத்தால் அதற்கும்.

நடந்த இன்னொன்றையும் அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. ஒரு ராத்திரி டயப்பர் மாற்றி, துணி விரித்து, எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது மாமா மறுபடியும் நனைத்துவிட்டார். அக்கா அவருடைய வராத கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துத் திருப்பியிருக்கிறார். "செத்தாவது தொலைங்களேன்" என்று வாயில் வந்துவிட்டதாம். மாமா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவருக்குத் தோள் வலி. "அவருக்குப் புரியும் தம்பி, எல்லாம் புரியும்" என்றார். கொடுமைக்காரி யாரும் இப்படி நோட்டில் டிக் அடிக்கமாட்டார். தன்னுடைய பிரஷர் மாத்திரையைச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று கேட்டபோது அவருக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வீட்டில் எல்லாம் மாறியது அதற்கு அடுத்த வாரம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் செவிலியர் அன்றைக்கு வந்திருந்தார், குழுவோடு நானும் இருந்தேன். அவர் நோட்டைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மாமாவை ஒரு பக்கமாகச் சாய்த்து, செல்போன் டார்ச் அடித்து வாலெலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால் என்று தோலை ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். எங்கும் புண் இல்லை. மெத்தை இலவம்பஞ்சு, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. "கெட்டியான ஃபோம் மெத்தை ஒண்ணு வாங்குங்க. அதுக்கப்புறம் ராத்திரியில மட்டும் நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பினாப் போதும். காலையில தோலை நான் சொல்ற மாதிரி பாக்கணும், அதுதான் கண்டிஷன்" என்றார். அக்கா உடனே நம்பவில்லை. பெரிய டாக்டர் எழுதியதை மாற்றலாமா என்ற பயம். செவிலியர் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

இரண்டா, நாலா

இது செவிலியர் இரக்கப்பட்டுச் சொன்னது இல்லை. இரண்டு மணி நேரம் என்பது பழைய காலத்து மெத்தைகளை வைத்து நிலைத்துப்போன வழக்கம். 2013ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இருந்த, புண் வரும் அபாயம் உள்ளவர்களை அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்க வைத்து, சிலரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிலரை மூன்று, சிலரை நாலு என்று திருப்பிப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் படுக்கைப் புண் வந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டியும் அதிக அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்தது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுதான் சொல்கிறது.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் புண் இல்லை, மெத்தை நல்ல மெத்தை, ஒவ்வொரு தடவையும் பணியாளர்கள் தோலைப் பார்த்தார்கள், ஈரத்தை மாற்றினார்கள். ஏற்கெனவே புண் இருப்பவருக்கும், எலும்பும் தோலுமாக இளைத்துப்போனவருக்கும், பாயிலோ பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தையிலோ படுத்திருப்பவருக்கும் இது பொருந்தாது. நேரத்தை நீட்டும் முடிவை வீட்டாரே எடுக்கவும் கூடாது, பார்த்துச் சொல்ல ஒரு செவிலியரோ மருத்துவரோ வேண்டும். ஏர் பெட் வைத்திருப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அதன்மேல் ரப்பர் ஷீட், போர்வை, இன்னொரு போர்வை என்று அடுக்கினால் போட்ட பணத்துக்குப் பலன் இல்லை, ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். கரண்ட் போனால் மோட்டார் நின்று அது இறங்கிவிடும். படுத்திருப்பவரின் வாலெலும்புக்கு நேர்கீழே ஏர் பெட்டுக்கு அடியில் கையைச் செலுத்திப் பாருங்கள், எலும்பு கையில் தட்டினால் மெத்தை வேலை செய்யவில்லை என்று பொருள்.

காலையில் தோல் பார்ப்பதுதான் இதில் உயிர்நாடி. சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது புண்ணின் முதல் கட்டம், அன்றைக்கே பழைய இரண்டு மணி நேரத்துக்குத் திரும்பிச் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். பிரச்சினை என்னவென்றால் நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாது. எனவே சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருமையாகவோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, சொதசொதவென்று இருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். பிரதியில் இருந்த படத்தில் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு நம் ஊர்க் கையும் நம் ஊர் முதுகும் காட்டச் சொன்னேன். இடுப்புக்கு அடியில் வைக்கும் காற்று வளையமும் பிரதியில் இருந்தது, அதையும் எடுக்கச் சொன்னேன். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். குதிகாலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் அப்படித்தான், பலன் இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்கும்படி விடுவதுதான் சரி.

எழுதிய காட்சி

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் எழுதிக் கொடுத்தது இது.

காட்சி 7. இரவு 2 மணி. அலாரம். மருமகள் எழுகிறாள், பேசாமல் முகம் கழுவுகிறாள். கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து அவள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றியிருப்பது தெரிய வேண்டும்.

மருமகள்: "மாமா, திருப்பப் போறேன்." (சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிற்கிறாள்.)

அவருடைய வராத கையை எடுத்து மார்பின்மேல் வைக்கிறாள். இழுப்பதில்லை. தூரத்துப் பக்க முழங்காலை மடக்குகிறாள். ஒரு கை அவர் தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்துத் தன் பக்கமாக உருட்டுகிறாள். ஈரமானதை எடுக்கிறாள், துடைக்கிறாள், புதியதை வைக்கிறாள். முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்புவரை தலையணையை அண்டை கொடுத்துப் பாதிச் சாய்வாக விடுகிறாள். கையை நுழைத்து வாலெலும்பு மெத்தையில் படவில்லை என்று பார்க்கிறாள்.

மாமா தண்ணீர் என்று சைகை செய்கிறார். அவள் படுத்தபடி கொடுப்பதில்லை. உட்கார்த்தி, மோவாயைக் கொஞ்சம் கீழிறக்கச் சொல்லி, ஸ்பூனில் கொடுக்கிறாள். இருமியதும் நிறுத்துகிறாள்.

இந்தக் காட்சியில் இசை வேண்டாம் என்று எழுதினேன். ஒரு நிமிடம் இருபது விநாடி, வெட்டாமல் ஒரே ஷாட். உண்மையில் இது இருபது நிமிட வேலை, பார்ப்பவர்களுக்கு அதன் எடையாவது தெரியட்டும். வராத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதைத் தனியாக எழுத்தில் போடச் சொன்னேன், ஏனென்றால் பக்கவாதம் வந்த பக்கத்தில் தசை தளர்ந்து தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. எல்லாவற்றையும் ஒரே தடவை எழுந்து சேர்த்துச் செய்கிறாள் என்பதும் வேண்டுமென்றேதான். திருப்புவது, துடைப்பது, தண்ணீர் மூன்றும் தனித்தனியாக மூன்று தடவை எழுப்பினால் நாலு மணி நேரம் என்று நீட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். மாமாவுக்குப் பகலில் தண்ணீரைக் குறைக்காமல், ஆனால் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிடச் செவிலியர் சொன்னார். நீர் பிரியும் மாத்திரை மாலையில் இருந்தது, டாக்டரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினார்கள். அதிலேயே பாதி ஈரம் நின்றது.

அடுத்தது காட்சி 8. அதில்தான் குழுவில் சண்டை வந்தது. மறுபடி நனைகிறது, அவள் கை ஓங்குவதுபோல் வந்து நிற்கிறது, "செத்தாவது" என்று தொடங்கி வாயை மூடிக்கொள்கிறாள். பக்கவாட்டுக் கம்பியை ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்து வந்து மாற்றுகிறாள். இதைக் காட்டினால் குடும்பங்கள் புண்படும், மருமகளைக் கெட்டவளாகக் காட்டியதாக ஆகும், "பொறுமை வேண்டும்" என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பொறுமை வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கணத்தில் என்ன செய்யலாம் என்றுதான் தெரியவில்லை. பெரியவர் கீழே விழாதபடி பாதுகாப்பாக இருந்தால், ஈரத்தில் பத்து நிமிடம் கிடப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆத்திரத்தோடு தொடும் கையால்தான் ஆகும். விலகிப் போகலாம் என்று யாராவது அவளுக்கு அனுமதி கொடுக்க வேண்டும், அந்த அனுமதிதான் காட்சி 8. கடைசியில் முடிவெடுத்தது அந்த அக்காதான். குழுவினர் போய் அவரிடமே படித்துக் காட்டியபோது, "இத வெட்டிட்டீங்கன்னா நான் பாக்கமாட்டேன்" என்றாராம்.

சனிக்கிழமை ராத்திரி

நாலு மணி நேரம் ஆனாலும் இரண்டு மணிக்கு ஒருவர் எழத்தான் வேண்டும். உதவி என்றால் நம் குடும்பங்களில் பணம், பழம், அறிவுரை மூன்றும்தான் முதலில் வரும். சென்னையிலிருக்கும் நாத்தனார் போனில் "அண்ணி, வேணும்னா ஒரு ஆளப் போட்டுக்குங்க, நான் காசு தரேன்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த ஊரில் ராத்திரி தங்க ஆள் கிடைக்கவில்லை. அக்காவுக்குத் தேவைப்பட்டது வாரத்தில் ஒரு ராத்திரி, முழு ராத்திரி, கதவு சாத்திய அறையில், அலாரம் இல்லாமல். ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துக்கொள் என்று பகலில் சொல்வதால் இந்தக் கடன் அடையாது.

கொழுந்தன் உள்ளூரில் இருக்கிறார். "எனக்கு இதெல்லாம் வராது அண்ணி" என்பதே அவருடைய பதிலாக இருந்தது. வராது என்பது உண்மைதான், யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. செவிலியர் ஒரு பகலில் அவரை வைத்தே இரண்டு தடவை திருப்பச் சொன்னார். பிறகு அக்கா ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். 10 மணிக்கு வலப்பக்கம், 2 மணிக்கு இடப்பக்கம், 6 மணிக்கு நேராக. டயப்பர் எந்தத் தட்டில். தண்ணீர் உட்கார்த்தி மட்டும். கடைசியில், என்னை எப்போது எழுப்ப வேண்டும் என்று ஒரு பகுதி: மூச்சு திணறினால், வாய் கோணினால் அல்லது பேச்சு திடீரென்று இன்னும் குழறினால், கீழே விழுந்தால். அப்போதும் முதலில் 108, பிறகு நான். மற்ற எதற்கும் எழுப்ப வேண்டாம்.

இந்த "எழுப்ப வேண்டாம்" என்ற வரி இல்லாவிட்டால் கொழுந்தன் ஒவ்வொன்றுக்கும் கதவைத் தட்டியிருப்பார், அக்காவும் காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருப்பார். அந்த வரி இருந்தும் முதல் சனிக்கிழமை அக்காவுக்குத் தூக்கமே வரவில்லையாம். இரண்டாவது வாரம் பக்கத்துத் தெருவில் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அன்றைக்குத்தான் தூங்கினார். கொழுந்தன் மாற்றிய டயப்பர் சரியாக ஒட்டவில்லை, விடியலில் படுக்கை நனைந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை. உதவிக்கு வந்தவரைக் குறை சொன்னால் அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை மாமியார் சொல்வதாகவே வசனத்தில் வைத்திருக்கிறேன்: "துணியத்தான நனைச்சான், நான் துவைச்சுக்கிறேன். நீ போய்ட்டு வா."

வீடியோவின் முடிவில் எண்கள் போட வேண்டும் என்றார்கள். 14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரைதான் எடுப்பார்கள், அந்த நேரத்தையும் சேர்த்தே போடச் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்து, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள் என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் பதியலாம், அல்லது மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடமே "எங்க வீட்ல படுத்திருக்காங்க" என்று சொல்லலாம்.

இப்போது பிரதி பதினொரு நிமிடம் ஆகிவிட்டது, எட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். காலைக் காட்சியையும் பேரன் பேப்பர் படிக்கும் காட்சியையும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். பேரன் காட்சியில் நடிப்பதாக இருந்த பையனுக்கு வருத்தம், அதனால் அவனைச் சனிக்கிழமை ராத்திரி சித்தப்பாவோடு டார்ச் பிடிப்பவனாகப் போட்டிருக்கிறோம்.